தவிட்டுக்கு வாங்கிய பெயர்

அடுத்தவர் பெயரை நூலால் எழுதுவதுதான் அவளுக்கு வேலை. மருத்துவர்களின் வெள்ளைக் கோட்டு, பள்ளிப் பிள்ளைகளின் சட்டை, ஓட்டல்காரர்களின் மேல்துணி என்று நாள் முழுக்க யாராருடைய பெயரோ அவள் ஊசிக்குக் கீழே ஓடும். அவளை மட்டும் தையற்கடையில் எல்லோரும் குப்பை என்றே கூப்பிட்டார்கள். வீட்டிலும் அதுதான். அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. அதனால் அவளை முறத்தில் போட்டுக் குப்பைமேட்டில் வைத்து, பக்கத்து வீட்டுக்காரியை எடுக்கச் சொல்லி, ஒரு பிடி தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். மூக்கைக் குத்தினார்கள். 'இது யாருக்கும் வேண்டாத பிள்ளை' என்று எமனுக்கும் கண்ணேறுக்கும் சேர்த்துச் சொல்கிற பெயரையும் வைத்தார்கள்.

பிழைத்தவுடன் மாற்றுவதுதான் முறை. முன்னவர்கள் போன வயதைத் தாண்டியதும் வலக்காதில் நல்ல பெயரை மூன்று முறை ஓதிவிட்டால் முடிந்தது. "இப்ப வேணாம்டி, கொஞ்சம் போகட்டும்" என்றாள் அம்மா. பள்ளியில் சேர்க்கும்போதும் அதையே சொன்னாள். அவளுக்குப் பின் பிறந்த தம்பிக்கோ, தொட்டிலில் போட்ட அன்றே கேட்டவர் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு பெயர். எமன் வரும் வழியை அடைக்க அக்கா இருந்தாளே.

இப்போது தம்பியின் மனைவிக்கு மூன்றாவது பிரசவம். முதல் இரண்டும் மண்ணுக்குப் போயின. பிறந்திருப்பது பெண். வேலையிலிருந்து வந்தவளை வாசலிலேயே மறித்தாள் அம்மா.

"நீதாண்டி பிள்ளைய எடுக்கணும். உன் பேரையே வெச்சிடலாம். ராசியான பேரு, ஒரு உசுரக் காப்பாத்தியிருக்கு. ஒரே வீட்டுல ரெண்டு பேருக்கு அது ஆகாது. உனக்கு வேற பேரு மாத்திடறேன்."

இத்தனை வருஷமாகக் கேட்டது இது. கேட்டபோதெல்லாம் தள்ளிப்போட்ட அம்மா, பேத்திக்குத் தேவை என்றதும் கழற்றித் தருகிறாள்.

"எனக்குன்னு ஒரு பேரு எடுத்து வெச்சிருக்கேன்னு சொல்லுவியேம்மா. அதச் சொல்லு."

அம்மா முந்தானையைத் திருகினாள்.

"அது… உன் தம்பிக்கு வெச்சாச்சே. ஆணுக்கும் பொண்ணுக்கும் பொருந்துற பேரு. வீணாப் போகக் கூடாதுன்னு…"

அவள் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டுப் பின்பக்கம் போனாள்.

குடியிருப்புக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில், காய்கறித் தோலுக்கும் கிழிந்த அட்டைக்கும் நடுவே முறத்தில் குழந்தை கிடந்தது. முஷ்டியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது. குனிந்து எடுத்தாள். முறைப்படி சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"யாரோ குப்பையில போட்டுட்டுப் போயிருக்காங்க. நான் எடுத்துக்கிட்டேன்."

தம்பியின் மனைவி பின்வாசலில் தவிட்டுக் கிண்ணத்தோடு நின்றாள். "எனக்கு வித்துடுங்க அண்ணி."

"விக்கல."

"அக்கா, விளையாடாத" என்றான் தம்பி.

"யாருடா விளையாடுறது? தவிடு கைக்கு வர வரைக்கும் இது எம் பிள்ளை. நீ அம்மாவக் கேளு. நீ போட்டுட்டுத் திரியுறியே, அந்தப் பேரு யாரோடதுன்னு."

அவன் அம்மாவைப் பார்த்தான். அம்மா தரையைப் பார்த்தாள். அவன் முகம் சுருங்கியதைக் கண்டும் அவளுக்குக் கொஞ்சமும் மனம் ஆறவில்லை. இன்னும் எரிந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை என்பதுதான் அதில் பெரிய கொடுமை.

"எனக்குத் தெரியாதுக்கா."

"தெரிஞ்சா மட்டும் கழட்டிக் குடுத்திருப்பியா? சரி, கேளுங்க. எம் பேரு ஒருத்தருக்கும் கிடையாது. போட்டுக் கிழிச்சத அடுத்தவளுக்கு மாட்டிவிட அது பழந்துணி இல்ல. நான் சுமந்த பேரு, எனக்கே இருக்கட்டும். இவ தவிடு. அப்படியே கூப்பிடுங்க, யாரும் கண்ணு வைக்க மாட்டாங்க. மூணு வயசு தாண்டுன அன்னைக்கு மாத்தணும். 'கொஞ்சம் போகட்டும்'னு ஒருத்தர் வாயத் திறந்தாலும் நான் எடுத்த பிள்ளைய நானே தூக்கிட்டுப் போயிடுவேன். வாய் விட்டுச் சொல்லுங்க."

தம்பியின் மனைவிதான் முதலில் சொன்னாள். "மூணு வயசுல மாத்துறோம் அண்ணி." பிறகு தம்பி. கடைசியாக, பல்லைக் கடித்துக்கொண்டு, அம்மா.

அவள் குழந்தையை நிமிர்த்தி, வலக்காதை உதட்டோடு சேர்த்து, எதையோ மெதுவாகச் சொன்னாள். மூன்று முறை. குழந்தை சப்புவதை நிறுத்திக் கேட்டது.

"இப்பவே சொல்லக் கூடாதுடி, பாவி" என்று பதறினாள் அம்மா. "என்ன பேரு சொன்ன?"

"சொல்ல மாட்டேன். மூணு வருஷம் கழிச்சு இவகிட்ட சத்தமாச் சொல்லுவேன். அது வரைக்கும் என்கிட்டயே இருக்கும்." தவிட்டை ஒரு பிடி அள்ளிக்கொண்டு, பிள்ளையைத் தாயின் கையில் போட்டாள். "உங்ககிட்ட சொன்னா, அடுத்து ஒரு பையன் பொறந்தா அவனுக்குத் தூக்கிக் குடுத்துருவீங்க."

உள்ளே போகும்போதும் தவிட்டை அவள் கீழே கொட்டவில்லை. விரலிடுக்கில் கசிந்து கசிந்து வழியெல்லாம் விழுந்தது.