கம்பி வழி வந்த படம்

ராஜவேலுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேனிலிருந்து போர்க்குழிக்கு மேல் நிறுத்திய இரும்பு முக்காலிக்கு, முக்காலியிலிருந்து நாற்றங்காலுக்கு, அங்கிருந்து மறுபடியும் வேனுக்கு என்று நடந்துகொண்டேயிருந்தார். புவனகிரி சாலையை ஒட்டிய அந்த வயலில் நாற்று நுனி கருகத் தொடங்கியிருந்தது. நேற்று இந்த ஆழ்துளைப் போரில் மோட்டாரைப் பழுது பார்க்க மேலே இழுத்தபோது பைப்பு இணைப்பு விட்டுப்போய், கட்டியிருந்த நைலான் கயிறும் அறுந்து, மோட்டார் அப்படியே கீழே போனது. இழுத்தது ராஜவேலின் ஆட்கள். போருக்குச் சொந்தக்காரர் தில்லைநாதன் நேற்று ஒரு வார்த்தையும் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இன்று காலையில் அவர் சொன்னது இவ்வளவுதான்: பண்ருட்டி ஆட்களுக்குச் சொல்லியிருக்கிறேன், சாயங்காலம் வந்துவிடுவார்கள், அதற்குள் எடுத்தால் எடு.

பண்ருட்டிக்காரன் வந்து எடுத்துவிட்டால், கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் ராஜவேலை எவனும் போருக்குக் கூப்பிடமாட்டான். அவர் வேனில் எழுதியிருக்கும் பெயரை அழித்துவிட்டு மீன் ஏற்றலாம்.

வேலை இப்படி நடக்கும். ஒரு கயிற்றில் கொக்கி இறங்கும், பக்கத்தில் கேபிளில் கேமரா இறங்கும். கேமராவின் கேபிள் ஒரு பெட்டியில் சுற்றியிருக்கிறது. பெட்டி தானே ஒரு வைஃபை கிளப்பும், அதைப் பிடித்துப் போனில் படம் பார்க்க வேண்டும். படத்தைப் பார்ப்பது ராஜவேல். கொக்கிக் கயிற்றைப் பிடிப்பது பக்கிரி. பக்கிரிக்குத் திரை தெரியாது, ராஜவேலின் குரல்தான் தெரியும். இறக்கு, நிறுத்து, லேசா திருப்பு. இந்தக் குரலில்தான் ராஜவேலின் தொழில் நின்றது. ஊர் ஊராக அந்தக் குரலைச் சொல்லிச் சிரிப்பார்கள், சிரித்தபடியே கூப்பிடவும் செய்வார்கள்.

ஆனால் இன்று வெயில் கண்ணாடியாய் அடித்தது. போன் திரையில் தன் முகம்தான் தெரிந்தது. துண்டைத் தலையில் போர்த்திக்கொண்டு பார்த்துச் சொன்னால், சொல்லி முடிப்பதற்குள் கொக்கி இரண்டு சாண் போய்விடுகிறது. மூன்று தடவை உரசியது, மாட்டவில்லை.

தில்லைநாதனின் மகள் சத்யப்பிரியா சிதம்பரத்தில் டியூஷன் நடத்துகிறவள். அவள்தான் வீட்டு டிவியைப் போரை ஒட்டிய மோட்டார் கொட்டகைக்குள் தூக்கிவரச் சொன்னாள். பெரிசாத் தெரிஞ்சா பிடிக்கிறவரே பார்த்துக்குவாருல்ல என்றாள். ராஜவேலின் மச்சினன் கதிரவன் டிவியை வைத்து, கம்பியில்லாமல் படத்தை அனுப்பப் பார்த்தான். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. டிவியும் போனும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். போனோ கேமராப் பெட்டியின் வைஃபையில் இருந்தது. வீட்டு வைஃபைக்கு மாற்றினால் டிவி வரும், கேமரா போய்விடும். பிறகு போனிலிருந்து டிவிக்கு நேரடியாக அனுப்பும் வழி ஒன்றைக் கண்டுபிடித்தான். படம் வந்தது. எல்லோரும் அட என்றார்கள்.

பக்கிரி டிவியைப் பார்த்துக்கொண்டே கயிற்றை விட்டார். திரையில் கொக்கி மோட்டாருக்கு இன்னும் ஒரு முழம் மேலே இருந்தது. அந்த நொடியில் கீழே டங்கென்று சத்தம். திரை அப்படியே உறைந்து, பிறகு விட்டு விட்டு நகர்ந்து, கொக்கி மோட்டாரை இடித்ததை மெல்லக் காட்டியது. மோட்டார் சரிந்து இன்னும் கீழே இறங்கிவிட்டிருந்தது.

பக்கிரி கயிற்றைக் கட்டிவிட்டுப் பீடி பற்ற வைத்தார். "நேத்து நடந்தத இன்னைக்கு காட்டுது உன் டிவி" என்றார் கதிரவனிடம்.

ராஜவேல் வாய்க்கு வந்தபடி கதிரவனைத் திட்டினார். டிவியைத் தூக்கி உள்ளே கொண்டுபோகச் சொன்னார். பெட்டியின் படத்தை வாங்கிக்கொண்டே அதே வைஃபையில் டிவிக்கும் அனுப்பச் சொன்னால் போன் எதைச் செய்யும் என்று கதிரவன் முனகியது யார் காதிலும் விழவில்லை.

டிவி இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு சத்யப்பிரியா வீட்டுக்குள் போய், டியூஷனில் பாடம் காட்ட வைத்திருக்கும் விரலளவு சின்னப் பெட்டியை எடுத்து வந்தாள். ஒரு வாய் போனின் சார்ஜ் துளைக்கு, மறு வாய் டிவியின் ஹெச்டிஎம்ஐ ஒயருக்கு, பக்கத்தில் சார்ஜருக்கு ஒரு துளை. ராஜவேலின் போனில் மாட்டினாள். டிவி சிக்னல் இல்லை என்றது. கழற்றித் திருப்பி மாட்டினாள், அதே.

ராஜவேல் போன மாதம்தான் அந்தப் போனை வாங்கியிருந்தார். கேமரா அத்தனை மெகாபிக்சல் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தார்.

"புதுசுதாம்மா, பழுதா இருக்காது."

"பழுது இல்ல அண்ணே. துளை ஒண்ணுபோலத்தான் இருக்கும். உங்களதுல சார்ஜும் பைலும்தான் போவும், படம் வெளிய வராது. எல்லா போனுக்கும் அது இருக்காது."

அவளுடைய போன் பழசு, மூலையில் கீறல், ஆனால் வாங்கிய காலத்தில் விலை ஜாஸ்தியானது. அதில் கேமரா ஆப்பை இறக்கினாள். பிறகு பெட்டியின் வைஃபையைப் பிடித்தாள். பெட்டி ஒரு போனுக்கு மேல் இடம் தராது என்பதால் ராஜவேலின் போனில் வைஃபையை அணைக்க வேண்டியிருந்தது. அது ராஜவேலுக்கு என்னவோ போலிருந்தது. குறுக்கே யாரும் கூப்பிடாதபடி அமர்த்தினாள், திரை தானாக அணையாதபடி வைத்தாள், சார்ஜரையும் சேர்த்தே செருகினாள். போனைப் பக்கவாட்டில் சாய்த்ததும் டிவி முழுக்கப் போரின் உள்சுவர் விரிந்தது. சேறு பூசிய சுவர், கீழே கலங்கிய தண்ணீர், அதில் ஒருக்களித்துச் சாய்ந்த மோட்டார், அதன் தலையில் நைலான் கயிற்றின் வளையம்.

பக்கிரி கயிற்றை ஒரு விரல் அசைத்தார். திரையில் கொக்கி ஒரு விரல் அசைந்தது. கேமரா பெட்டிக்கே உரிய கண்ணிமைக்கும் நேரத் தாமதம் இருந்தது, அதற்கு மேல் இல்லை. அவர் பீடியைத் தூக்கிப் போட்டார்.

ராஜவேல் எழுந்து நின்றார். "இறக்கு. இறக்கு. நிறுத்து. நிறுத்துடா."

பக்கிரி நிறுத்தினார். திரையில் கொக்கி வளையத்துக்கு மேலே வெறுமனே நின்றது. நிறுத்தியிருக்கக் கூடாது.

"திருப்பு, இடப்பக்கம்..."

"நான்தான் பார்க்கிறேனே."

"அட, நான் சொல்றத கேளு."

பக்கிரியின் கை தடுமாறியது. கண் ஒன்று சொல்ல, காது இன்னொன்று சொன்னது. கொக்கி சுவரில் இடித்துச் சேற்றை உதிர்த்தது. கொஞ்ச நேரம் எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. தில்லைநாதன் சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

கதிரவன் மெதுவாகப் பக்கத்தில் வந்தான். "மாமா, செத்த வாய மூடிக்கினு இரு. அவருக்கு இப்ப கண்ணு இருக்கு."

அடிக்கலாம் போலிருந்தது. ராஜவேல் துண்டை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அப்படியும் தொண்டைக்குள் குரல் எழுந்து எழுந்து அடங்கியது. கால் நிற்காமல் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தது.

கலங்கல் தெளிந்தது. பக்கிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு கயிற்றை முறுக்கினார். கொக்கியின் முனை வளையத்துக்குப் பக்கத்தில் வந்தது, விலகியது, மறுபடி வந்தது. அவர் கயிற்றை ஒரு சொடக்கு இறக்கி, அப்படியே சாய்த்துத் தூக்கினார். நைலான் நெளிந்து கொக்கிக்குள் விழுந்தது. மோட்டாரின் தலை நிமிர்ந்தது.

கயிற்றை முக்காலியில் தொங்கிய செயின் பிளாக்கில் மாட்டிக் கதிரவன் இழுக்க, சங்கிலி கட கடவென்று ஓடத் தொடங்கியது. கேமரா முன்னே ஏறி வர, திரையில் சுவர் கீழ்நோக்கி வழிந்தது. சத்யப்பிரியா போனைத் தொட்டுப் பார்த்து, சூடாகிறது என்று முந்தானையால் விசிறினாள். ராஜவேல் இரண்டு தடவை நிறுத்து என்று சொல்ல வாயெடுத்தார். இரண்டு தடவையும் பக்கிரி அதற்கு முன்பே கை காட்டி நிறுத்தியிருந்தார்.

சேறு சொட்டச் சொட்ட மோட்டார் வெளியே வந்து தரையில் சாய்ந்தபோது தில்லைநாதன் போனை எடுத்துத் தள்ளிப் போனார். வர வேணாம்பா, ஆளுங்க எடுத்துட்டாங்க என்று அவர் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. திரும்பி வந்து மோட்டாரைப் பார்த்தார், நாற்றைப் பார்த்தார்.

"புது பைப்பு மாட்டி எப்ப இறக்குவ?"

"இப்பவே" என்றார் ராஜவேல். கையில் ஸ்பேனர் ஏற்கெனவே இருந்தது. குனிந்து பைப்பு வாயைத் துடைத்தபடி பக்கிரியைக் கூப்பிட நினைத்தார். அவர் அதற்குள் மறு முனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.