நைட் ஷிப்ட் வாரத்துச் சர்க்கரை

ஓசூர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சிவராஜின் வலது கை கட்டோடு கிடந்தது. பிரஸ் மெஷின் இரண்டு விரல்களைத் தின்றுவிட்டது. தூக்கக் கலக்கம் என்று சூளகிரிக் கம்பெனியில் எழுதிக்கொண்டார்கள். ஆனால் மயங்கியவனைத் தூக்கி வந்தபோது அவன் சர்க்கரை நாற்பத்தொன்றுக்கு இறங்கியிருந்தது.

"சாப்பிடாம ஊசி போட்டிருப்பாரு" என்ற டாக்டர், ராத்திரி இன்சுலின் இருபத்தாறு யூனிட்டைக் குறைக்கவில்லை. ஓ.பி. சீட்டில் வெறும் வயிற்றுச் சர்க்கரை எப்போதும் இருநூறுக்கு மேல், எப்படிக் குறைப்பார்? நாளை வீடு. இன்னொரு மயக்கம் வந்தால் ஆளே மிஞ்சமாட்டார் என்று மனைவி சுஜாதா பயந்தாள்.

சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் ஸ்வாதியிடம் அழுதாள். "வீட்ல சர்க்கரை பாக்கற மீட்டரைக் குடுங்கக்கா" என்றாள் ஸ்வாதி.

மீட்டருக்குள் ஒவ்வொரு அளவும் தேதி, நேரத்தோடு இருந்தது. போட்ட யூனிட்டைச் சுஜாதா தினமும் காலண்டரில் குறித்திருந்தாள். வீட்டிலிருந்த மகள் அதைப் படமெடுத்து அனுப்பினாள். மீட்டருக்குச் சர்க்கரை மட்டும் தெரியும், காலண்டருக்கு மருந்து மட்டும். முந்தைய இரவு போட்ட ஊசியையும் மறுநாள் காலை அளவையும் ஒரே வரியில் வைத்தால்தான், எது எதை என்ன செய்தது என்று புரியும். ஸ்வாதி வரிவரியாக எழுதினாள்.

யூனிட் ஏறிக்கொண்டே வந்தது. சர்க்கரையோ ஒரு வாரம் இருநூற்று முப்பதைச் சுற்றியது, மறுவாரம் எழுபதுக்குக் கீழே விழுந்தது. மறுபடியும் அப்படியே.

சுஜாதா விரல் வைத்தாள். "ஏறுன வாரம் எல்லாம் நைட் ஷிப்டு, மேடம். வூட்டுக்கு வந்ததும் குத்திப் பாப்பாரு."

"அண்ணா, ராத்திரி ஏதாவது சாப்பிடுவீங்களா?" என்று ஸ்வாதி சிவராஜிடம் கேட்டாள்.

"நாலு மணிக்கு கேன்டீன்ல புரோட்டா. ஓசில குடுத்தா வுடுவாங்களா?"

"அப்புறம் அது எப்படிண்ணா வெறும் வயிறு?"

"காலைல எடுத்தா அதானே ஃபாஸ்டிங்?"

"எட்டு மணி நேரமாவது சாப்பிடாம இருக்கணும். நைட் ஷிப்டுக்கு, தூங்கி எழுந்து பாக்கறதுதான் ஃபாஸ்டிங். பகல் ஷிப்டு அளவை டாக்டர்கிட்ட காட்டலியா?"

"அந்த வாரம் லீவு போட்டா சம்பளம் புடிப்பான். ஓ.பி.க்கு நைட் ஷிப்டுலதான் வருவோம்" என்றாள் சுஜாதா. சொல்லும்போதே அவளுக்கு விளங்கியது. டாக்டர் பார்த்ததெல்லாம் புரோட்டாவின் சர்க்கரை. ஏற்றிய மருந்து விழுந்ததெல்லாம் பகல் ஷிப்டின் வெறும் வயிற்றில்.

ஸ்வாதி கொண்டுபோன தாளை டாக்டர் பார்த்தார். இருபத்தாறை அடித்துப் பதினெட்டு என்று எழுதினார். "தினமும் கடைசியா எப்ப சாப்பிட்டார்னும் எழுதுங்க. எழுபதுக்குக் கீழ போனா சர்க்கரைத் தண்ணி குடுத்துட்டு உடனே போன் பண்ணுங்க."

அவர் போனபின் சிவராஜ் இடது கையால் தாளை இழுத்து, விபத்து நடந்த நாளின் வரியைத் தேடினான். விடிகாலை, ஐம்பத்தெட்டு.

"சர்க்கரை நல்லா கொறஞ்சிடுச்சுன்னு, இதைப் பாத்துட்டு எவ்ளோ சந்தோஷமா வேலைக்குப் போனேன் தெரியுமாடி?"

சுஜாதா அவன் கட்டின் மேல் மெல்லக் கை வைத்தாள். அன்று டிபன் கட்டிக் கொடுக்கும்போது அவளும் சிரித்திருந்தாள்.