படிவத்தில் என் பெயர்

வங்கிக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது அத்தான்தான். ஒன்பது வருஷமாக அக்காவை எட்டிப் பார்க்காத மனிதர், அவள் செத்த பதினெட்டாம் நாள் வழுவழுவென்று சவரம் செய்துகொண்டு எனக்கு முன்பாகவே வந்து உட்கார்ந்திருந்தார். அவரை அத்தான் என்று சொல்லவே நாக்கு கூசுகிறது. ஆனால் அக்கா விவாகரத்துக் கொடுக்கவில்லையே. “கேட்டா குடுத்துடணுமா? அலையட்டும்” என்றே காலத்தை ஓட்டிவிட்டாள்.

எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. டோக்கன் எண் மாறும் பலகையையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா அச்சகத்தில் பதினேழு வருஷம் கணக்கெழுதிச் சேர்த்த வைப்புத்தொகை இந்த வங்கியில் இருந்தது. அதில் நாமினி நான். அவள் படுக்கையில் விழுந்ததும் மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டு இரண்டு வருஷம் அவளைப் பார்த்துக்கொண்டேன். என் கையிருப்பு மொத்தமும் கரைந்துவிட்டது. இந்தப் பணம் வந்தால்தான் நான் மறுபடி தலைநிமிர முடியும்.

எங்கள் எண் வந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அம்மா, அக்காவின் இறப்புச் சான்றிதழையும் வைப்பு ரசீதையும் என் அடையாள அட்டையையும் ஒன்றுக்கு இரண்டு முறை சரிபார்த்தார்.

அத்தான் முந்திக்கொண்டார். “மேடம், நான் அவங்க வீட்டுக்காரர். இந்தப் பணத்த இவங்களுக்குக் குடுக்கக் கூடாது.”

“கோர்ட்ல தடை உத்தரவு வாங்கியிருக்கீங்களா?”

“இல்ல.”

“அப்ப நாமினிக்குத்தான் குடுப்போம் சார். நீங்க வேணாம்னு சொல்றதால மட்டும் நிறுத்த முடியாது.”

என் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. அத்தான் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்தது, பார்த்தேன். முகம் சுண்டிப் போயிருந்தது. அந்த சந்தோஷம் அரை நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

அதிகாரி அம்மா ஒரு படிவத்தை என் பக்கம் தள்ளினார். “கையெழுத்துப் போடறதுக்கு முன்னால இந்த வரியப் படிங்க.”

சட்டப்படியான வாரிசுகளுக்காக, அவர்கள் சார்பில் பொறுப்பாளராக இந்தத் தொகையைப் பெற்றுக்கொள்கிறேன் என்று அச்சடித்திருந்தது.

“இது என்னங்க? என் பேர்தானே எழுதியிருக்கு.”

“எழுதியிருக்கும்மா. அதனாலதான் உங்க கையில தர்றோம். தந்துட்டா எங்க பொறுப்பு தீர்ந்துது. ஆனா வாங்கறது நீங்கங்கறதால பணம் உங்களோடதுன்னு ஆயிடாது. வாரிசு யாரோ அவங்க உங்ககிட்ட கேக்கலாம்.”

“வாரிசு யாரு?”

“குழந்தைங்க இருக்காங்களா?”

“இல்ல. அப்பா அம்மாவும் இல்ல.”

அவர் தயங்கினார். “எனக்குத் தெரிஞ்சவரைக்கும் வீட்டுக்காரருக்குத்தான் போகும். எதுக்கும் ஒரு வக்கீல கேட்டுக்குங்க.”

அத்தானின் முதுகு நிமிர்ந்தது. குரலில் தேன் வேறு. “நான் ஒண்ணும் ஈவு இரக்கம் இல்லாதவன் இல்லம்மா. ஆஸ்பத்திரி பில்லு, மருந்துச் செலவு எல்லாத்தையும் எடுத்துட்டு வா. கழிச்சுக்கலாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அவளத் தூக்கி உக்கார வச்சதுக்கு? துணி மாத்தினதுக்கு? அதுக்கெல்லாம் பில்லு எந்தக் கடையில வாங்கறது அத்தான்?”

அவர் பேனா ஸ்டாண்டைப் பார்த்தார். அதிகாரி அம்மா குரலைத் தாழ்த்தினார். “உங்கக்கா உயில் ஏதாவது எழுதி வச்சிருக்காங்களா? இருந்தா கதையே வேற. நிக்கக்கூடிய உயில்ல உங்க பேர் இருந்தா பணம் உங்களுக்கே.”

அத்தான் சட்டென்று என் பக்கம் திரும்பினார். அவர் கண்ணில் பயத்தை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். சும்மா வாயை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் தவிக்கவிடலாமா என்று தோன்றியது. நாலைந்து மூச்சு தவிக்கவும் விட்டேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“இல்லைங்க” என்றேன்.

அவர் மூச்சை விட்ட சத்தம் எனக்குக் கேட்டது.

“எழுதறேன்னுதான் சொன்னா. வெள்ளைத்தாள் கொண்டு வா, அச்சகத்துலேர்ந்து சாட்சிக்கு ரெண்டு பேர வரச் சொல்லுன்னா. நான்தான், நாமினி போட்டிருக்கே, அது போதும், பேசாம படுன்னு வாய அடச்சேன்.”

“ஏம்மா?” என்று கேட்டார் அதிகாரி அம்மா.

“எழுதி முடிச்சுட்டா போயிடுவாளோன்னு பயமா இருந்துது.”

பின்னால் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள். பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பொறுப்பாளர் என்ற சொல்லுக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று அத்தான் எட்டிப் பார்த்தார்.