நாலாவது நம்பர்

குடும்பத்துக்கே ஒரே போஸ்ட்பெய்டு என்று மகள் முடிவு செய்து ஒரு வாரம் ஆகியிருந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, சின்னக் கணக்கிலும் தப்பு வராது அவளுக்கு. அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. வழியெல்லாம், "ப்ரீபெய்டே இருக்கட்டும்மா" என்று ஒரே பல்லவி. ஏன் என்று கேட்டால் வாயில் கொழுக்கட்டை.

ஃபோன் கம்பெனி ஷோரூமில் கவுண்டர்காரர் பொறுமையாகச் சொன்னார். "ப்ரீபெய்டுல தினம் ஒன்றரை ஜிபி. மிச்சம் வச்சா ராத்திரி பன்னெண்டு மணிக்குப் போயிடும். இருபத்தெட்டு நாள்ல வேலிடிட்டி முடிஞ்சா நெட் நின்னுடும். போஸ்ட்பெய்டுல மாசத்துக்கு எழுபத்தஞ்சு ஜிபி, எல்லாருக்கும் பொது. மீந்தது அடுத்த மாசத்துக்குச் சேரும், இருநூறு வரைக்கும். ஆமா, நீங்க மொத்தம் எவ்வளவு டேட்டா செலவு பண்றீங்க?"

மகள் தன் ஃபோனில் கம்பெனி செயலியைத் திறந்தாள். நாலு நம்பரும் அதில் இருந்தன. நாலாவது தம்பியுடையது. அவன் விபத்தில் போய் எட்டு மாதம். அம்மா அடம்பிடித்ததால் அவள் ஒவ்வொரு இருபத்தெட்டாம் நாளும் ரீசார்ஜ் செய்துவந்தாள். அன்றுதான் அதற்குக் கடைசி நாள், இனிமேல் விட்டுவிடலாம் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு வந்திருந்தாள். அதன் உபயோகத்தை அதுவரை ஒருநாளும் பார்த்ததில்லை. செத்தவன் என்ன செலவு செய்யப்போகிறான்?

நேற்று, ஒன்றே கால் ஜிபி. முந்தாநாள், ஒன்றரையும் காலி. விரலால் தள்ளத் தள்ள ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. அந்த ஃபோன் அவன் அறை மேசையில் சார்ஜரில் செருகியபடி கிடக்கிறது. அந்த ஃபோனின் பூட்டைத் திறக்கும் எண் யாருக்கும் தெரியாது. அம்மா அந்த அறைக்குள் காலே வைப்பதில்லை.

"இதை யாரோ யூஸ் பண்றாங்க" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

கவுண்டர்காரர் எட்டிப் பார்த்தார். "அப்போ நாலையும் சேர்த்துடலாம். இது யார் பேர்ல இருக்கு?"

"தம்பி பேர்ல. அவன் இல்லை."

அவர் ஒரு நொடி தலை குனிந்தார். "இறப்புச் சான்றிதழ் கொடுத்து வாரிசு பேருக்கு மாத்தணும். அப்புறம் புது சிம். ஃபோனை ஆஃப் பண்ணிட்டுப் போட்டு, மறுபடி ஆன் பண்ணா சரியாயிடும்."

"ஆஃப் பண்ணக் கூடாது" என்றார் அப்பா.

அரைக் கடை திரும்பிப் பார்த்தது. ஆயுள் முழுக்கப் பேருந்து நடத்துநராக இருந்தும் குரலை உயர்த்தாத மனுஷன்.

"ஆஃப் ஆச்சுன்னா அந்த எண்ணைக் கேக்கும். நமக்குத் தெரியாது. அவன் நெட்டை எனக்குக் குடுக்கற ஹாட்ஸ்பாட் திரும்ப வராது" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். "போன அன்னைக்கு அவன் அதை ஆன்லயே விட்டுட்டுப் போயிட்டான். என் ஃபோன் தானா பிடிச்சுக்கிச்சு. அன்னையிலேர்ந்து அதுலதான் இருக்கேன். எனக்கு வெறும் பேசற பிளான்தான்."

சாயங்காலமானால் அந்த அறை வாசலில் நாற்காலி போட்டு அவர் உட்காருவதை மகள் தினமும் பார்த்திருக்கிறாள். துக்கம் என்று நினைத்தாள். துக்கம்தான், ஆனால் அதற்கு வேலிடிட்டி உண்டு என்பது அவளுக்குத் தெரியாமல் போயிற்று. இன்னும் சில மணி நேரத்தில் தன் கையாலேயே அந்தத் தொடர்பை அறுத்திருப்பாள்.

"பொதுவுல சேர்ந்தா சாருக்கு நெட் தாராளமா கிடைக்குமே" என்றார் கவுண்டர்காரர். பாவம், அவருக்கு என்ன தெரியும்.

"எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் போஸ்ட்பெய்டு போடுங்க" என்றாள் மகள். "அப்பாவுது அப்படியே இருக்கட்டும். தம்பி நம்பருக்கு ஒரு வருஷ ரீசார்ஜ்."

"வருஷ பிளான்லயும் மிச்சம் சேராதும்மா. அன்னன்னைக்கு உள்ளது அன்னன்னைக்குத்தான்."

"பரவால்ல."

வீட்டுக்கு வந்ததும் அப்பா நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டார். மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மூடிய கதவுக்குக் கீழே உள்ளே இருந்த இருட்டு தெரிந்தது. பயமாகத்தான் இருந்தது, அப்பாவின் காலோடு ஒட்டிக்கொண்டாள். அவர் ஃபோனில் வைஃபை பட்டியலைத் திறந்து காட்டினார். எல்லாவற்றுக்கும் மேலே, தம்பி தன் ஹாட்ஸ்பாட்டுக்கு வைத்திருந்த பெயர்: 'அப்பா, கேட்டுட்டு எடுங்க.'

அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"தினமும் கேட்டுட்டுதான் எடுக்கறேன்" என்றார் அப்பா, கதவைப் பார்த்து.