அறுபத்து மூன்று பாகை

காய்கறிச் சந்தையிலிருந்து அருந்ததி திரும்பியபோது மணி பதினொன்று தாண்டியிருந்தது. ஹோட்டல் குசினிக்குள் நுழைந்ததுமே அவள் கோழி வேகும் பெட்டியைத்தான் பார்த்தாள். காலை எட்டு மணிக்கு முப்பத்திரண்டு கோழி நெஞ்சிறைச்சித் துண்டுகளைக் காற்றை உறிஞ்சியெடுத்த பைகளில் அடைத்து, அறுபத்து நான்கு பாகை வெந்நீர்ப் பெட்டிக்குள் இறக்கிவிட்டுப் போயிருந்தாள். இப்போது நீரைச் சூடாக்கும் இயந்திரம் ஓடாமல் நின்றது.

"ஒன்பதரைக்குக் கரண்ட் போனது பிள்ளை. பத்துக்குள்ள வந்திட்டுது" என்றார் ஹோட்டல் முதலாளி மயில்வாகனம்.

"கரண்ட் வந்தாலும் இது தானா ஓடாது ஐயா. ஆரும் திரும்பப் போடவேணும்."

அவர் ஒரு பையைத் தூக்கிப் பார்த்தார். "வெள்ளையாத்தானே இருக்கு. வெந்திட்டுது போல."

"நிறத்தைப் பாத்துச் சொல்லேலாது. இந்தச் சூட்டில கிருமி உடன சாகாது. துண்டின்ர நடுவுக்குள்ள அறுபத்து மூண்டு வந்து, அதில பத்து நிமிசமாவது நிக்கவேணும். கரண்ட் போக முந்தி அப்பிடி நிண்டதோ எண்டு எனக்குத் தெரியாது."

பன்னிரண்டரைக்குப் பள்ளிக்கூட அதிபரின் பிரியாவிடை விருந்து. அதை ஏற்பாடு செய்த யதுர்ஷிகா ரீச்சர் ஏழு மாதக் கர்ப்பிணி. "நானும் இதைச் சாப்பிடலாம்தானே?" என்று நேற்றே கேட்டிருந்தாள். அருந்ததியும் ஓம் என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஆகத் தடித்த துண்டு இருந்த பையில் நீர் புகாதபடி ஒட்டுநாடா ஒட்டி, அதனூடாக வெப்பமானி ஊசியை நடுவரை இறக்கினாள். ஐம்பத்தேழரை. நீர் ஐம்பத்தேழு. இயந்திரம் நின்றபின் நீர் ஆறியதே தவிர ஏறியிருக்க வழியில்லை. ஆகவே இதைவிடக் கீழே போகவில்லை. மீன் கொண்டுவரும், சூடு காக்கும் ரெஜிபோம் பெட்டியையே வெந்நீருக்கு மூடியோடு பாவித்தது நல்லதாய்ப் போயிற்று.

"ஐம்பதுக்குக் கீழ போய்க் கனநேரம் கிடந்திருந்தா எல்லாம் குப்பைதான். இது தப்பும் ஐயா. நேரத்தை முதலிலிருந்து எண்ணப் போறன். சாப்பாடு இருவது நிமிசம் பிந்தும்."

"அவையளுக்கு நெல்லிரசம் குடுத்துக் கதைச்சுக்கொண்டிருக்கிறன். நீ அவசரப்படாத."

இயந்திரத்தைப் போட்டுவிட்டு ஊசியின் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். அறுபது. அறுபத்தொன்று. பன்னிரண்டு பத்துக்கு அறுபத்து மூன்று. அதன்பின்னும் இருபது நிமிடம் விட்டாள். பிறகு பைகளை வெட்டி, மிளகும் பெருஞ்சீரகமும் தடவி, நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் இரு பக்கமும் சிவக்கப் பிரட்டினாள்.

ஒரு மணிபோல யதுர்ஷிகா வெறும் தட்டோடு குசினி வாசலுக்கு வந்தாள்.

"இன்னொண்டு இருக்கோ அக்கா? இவ்வளவு பஞ்சு மாதிரி மெதுவான கோழி நான் சாப்பிட்டதில்லை."

"இருக்கு, வாங்கோ" என்றாள் அருந்ததி. தனக்கென்று எடுத்து வைத்திருந்த துண்டை அவள் தட்டில் வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு அன்றைக்கு முதல்தடவையாக உட்கார்ந்தாள்.