பச்சைக்குத் திரும்பிய திரை

கரண்ட் போனதும் மாடி முழுக்க ஒரே சத்தம். "போச்சு!" என்று எவனோ அலறினான். நாகர்கோவில் டீம் பக்கமிருந்து ஒரு விசில்.  சத்தியநேசன் பார்வை மூணாம் நம்பர் மிஷினில் குத்தி நின்றது.

மற்ற ஒன்பது திரைகளும் யு.பி.எஸ். புண்ணியத்தில் எரிந்துகொண்டிருந்தன. மூணாம் நம்பர் மட்டும் செத்துக் கிடந்தது. அதன் முன்னால் லிபின்.

தக்கலை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில் சத்தியநேசன் பிரவுசிங் சென்டர் போட்டு ஏழு வருஷமாகிறது. 2012-ல் கரண்ட் போவது ஒரு செய்தியே இல்லை. எப்போது வரும் என்பதுதான் செய்தி. அதனால்தான் கீழே ஜெனரேட்டர் தயாராக நின்றது. அவன் எதிர்பார்க்காதது, மூணாம் நம்பர் யு.பி.எஸ்.ஸுக்குப் போன மாசம் மாற்றிய பேட்டரி இப்படிக் கழுத்தை அறுக்கும் என்பதைத்தான்.

"ஒண்ணும் பயப்படண்டா. ஸ்கோர் சர்வரில உண்டு. ஜெனரேட்டர் போட்டதும் கடைசி ரவுண்டு மட்டும் திரும்ப ஆடலாம்" என்றார் வர்கீஸ்.

வர்கீஸ் கொச்சிக்காரர். அங்கே மூன்று கேமிங் சென்டர் வைத்திருக்கிறார், சொந்தமாக டீமும் உண்டு. அந்த டீமுக்கு ஒரு ஆள் வேண்டும். மாசச் சம்பளம், தங்க ரூம், பகலில் சென்டரைப் பார்த்துக்கொண்டு சாயங்காலம் ஆட வேண்டும். அதற்காகத்தான் ஐந்துக்கு ஐந்து பேர் மோதும் இந்தத் துப்பாக்கி கேம் போட்டியையே அவர் நடத்தினார். காலையிலிருந்து அவர் நாற்காலி லிபினின் முதுகுக்குப் பின்னால்தான் கிடந்தது.

"இந்தப் பையன் கொள்ளாம், நல்ல கை. இவனை நான் கொண்டுபோகும்" என்று மத்தியானமே சத்தியநேசன் காதில் போட்டுவிட்டார்.

லிபினுக்கு அது வேலை மட்டுமில்லை. அவன் ஊரான இனயத்தில் அப்பா மரியான் இரண்டு வருஷமாக ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார், மகன் கப்பலுக்குப் போகிறான் என்று. பையனும் பரீட்சை எல்லாம் பாஸ் ஆனான். மெடிக்கலில் ஒரு டாக்டர் புள்ளிப் புள்ளியாக அச்சடித்த புத்தகத்தைத் திறந்து, உள்ளே என்ன நம்பர் தெரிகிறது என்று கேட்டார். லிபினுக்குப் புள்ளிதான் தெரிந்தது. அவ்வளவுதான், கப்பல் போயிற்று. சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் பிரித்துப் பார்க்க முடியாதவனை எவன் கப்பலேற்றுவான்?

வீட்டில் "சீட்டு தீந்துபோச்சு, அடுத்த பேட்சுல பாக்கலாம்" என்றான். அந்த அடுத்த பேட்ச் இன்னும் வரவில்லை. மரியான் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்.

உண்மை தெரிந்த ஒரே ஆள் சத்தியநேசன். அதுவும் தற்செயலாகத்தான். நல்ல கை இருந்தும் லிபின் ஆட்டக் களங்களில் சந்தை மேப்பில் மட்டும் சொதப்புவான். ஓட்டுச் சிவப்பு, பந்தல் பச்சை, பழக்கடை, பூக்கடை என்று கண்ணைப் பறிக்கும் மேப் அது. திரை நடுவே கூட்டல் குறி மாதிரி நிற்குமே கிராஸ்ஹேர், அது பிறவியிலேயே பச்சை, போதாக்குறைக்குக் கண்ணாடி மாதிரி பின்னால் இருப்பதெல்லாம் தெரியும். வெளிச்சமான சுவருக்கு நேரே போனால் கரைந்துவிடும்.

"பிங்க்கு போடு மக்கா. எல்லாவனும் அதான் போடுவான். சந்தையில பிங்க்கு கிடையாது" என்று ஒருநாள் சத்தியநேசனே மாற்றிக் கொடுத்தான்.

லிபின் கொஞ்ச நேரம் பார்த்தான். "சாம்பல் கலரு எதுக்கண்ணே போட்டிய?"

சத்தியநேசன் மவுசை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினான். அன்று கடை அடைக்கும்வரை பையன் உட்கார்ந்து எல்லாம் சொன்னான். சொல்லிவிட்டு, "ஒருத்தருட்டயும் சொல்லப்பிடாது அண்ணே. எனக்க அப்பா தாங்கமாட்டாரு" என்று கையைப் பிடித்தான்.

அதற்குப் பிறகு இரண்டு பேருமாக உட்கார்ந்து நிறம் தேடினார்கள். சிவப்பு, பச்சை, பழுப்பு எல்லாம் அவனுக்கு ஒரே சேற்று நிறம். நீலம் மட்டும் தனியாக நின்றது. அடர்நீலம் இருட்டு வாசலில் காணாமல் போயிற்று. வெளிர்நீலம் வெள்ளைச் சுவரில் மங்கியது. கடைசியில் நடுத்தரமான ஒரு நீலம். கண்ணாடித்தனத்தை எடுத்துவிட்டுக் கெட்டியாக்கி, சுற்றி மயிரிழை அளவு கறுப்பு ஓரம் வைத்தார்கள். வெளிச்சத்தில் ஓரம் காட்டிக் கொடுக்கும், இருட்டில் உள்ளே இருக்கும் நீலம் காட்டிக் கொடுக்கும்.

அதைவிட முக்கியம் மூலையில் இருக்கும் ரேடார். நம்மாள் பச்சைப் புள்ளி, எதிராளி சிவப்புப் புள்ளி. குறி வைத்தால் தலைக்கு மேல் வரும் பெயருக்கும் அதே இரண்டு நிறம். நம்மாளைச் சுட்டாலும் சாவுதான் என்கிற ஆட்டத்தில் லிபின் அதுவரை ஆளின் ஓட்டத்தைப் பார்த்து ஊகித்துத்தான் ஆடியிருக்கிறான். மெனுவில் அதை மாற்ற வழியில்லை. செட்டிங் ஃபைலைத் திறந்து, நம்மாள் நீலம், எதிராளி மஞ்சள் என்று எண்களை அடித்துக் கொடுத்தான் சத்தியநேசன். மறுநாள் லிபின் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து, அவன் ஊர்க்காரனும் டீமில் கூட ஆடுகிறவனுமான ஆன்ட்ரூஸ், "ஏலே, உனக்க உடம்புல என்ன பேயா கேறியிருக்கு?" என்று கேட்டான்.

இப்போது ஜெனரேட்டர் உறுமியது. ஃபேன் சுற்றியது. மூணாம் நம்பர் மெல்ல உயிர் பெற்றது.

அப்போதுதான் சத்தியநேசனுக்கு உறைத்தது. 

சென்டரில் எல்லா மிஷினுக்கும் ஃப்ரீஸ் போட்டிருந்தான். வருகிறவன் எந்த பென்டிரைவில் எந்த வைரஸைக் கொண்டுவருவான் என்று சொல்ல முடியாது. ஃப்ரீஸ் போட்டால், என்ன குப்பை ஏற்றினாலும் ஒருமுறை அணைத்துப் போட்டதும் மிஷின் பழையபடி ஆகிவிடும். எதையாவது நிலையாக வைக்க வேண்டுமென்றால் பாஸ்வேர்டு போட்டு ஃப்ரீஸை எடுத்து, வேலையை முடித்து, மறுபடி பூட்ட வேண்டும். தினமும் லிபின் வரும்போது பென்டிரைவிலிருந்து அந்த ஃபைலைப் போட்டுக் கொடுப்பதே அவனுக்குப் பழக்கமாகியிருந்தது. இன்றைக்குக் காலையிலும் அதையேதான் செய்தான். போட்டி தொடங்கினால் பென்டிரைவுக்குத் தடை, அதனால் ஃப்ரீஸை எடுத்துவிட்டுப் போடு என்று மனசு சொல்லத்தான் செய்தது. வாசலில் ஹால் டிக்கெட் பிரிண்ட் எடுக்கக் கூட்டம். இன்றைக்கு யார் இந்த மிஷினை அணைக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டான்.

ஆட்டம் திறந்தது. நடுவே பச்சைக் கூட்டல் குறி. மூலையில் பச்சைப் புள்ளிகள்.

லிபின் திரும்பி அவனைப் பார்த்தான். ஒரே ஒரு பார்வை. பிறகு கையைத் தூக்கினான்.

"எந்தா?" என்றார் வர்கீஸ்.

"செட்டிங்..."

"எந்த செட்டிங்கு?"

நாகர்கோவில்காரன் ஒருத்தன், தொப்பியைத் திருப்பிப் போட்டவன், குரல் கொடுத்தான். "தோக்கப் போறான்னதும் செட்டிங்கு மாத்தணுமா? மவுசு சரியில்ல, கீபோர்டு சரியில்லம்பான் இனி. எங்க மிஷினுல நாங்க எதாவது மாத்தக் கேட்டமா?"

"கலரு மாத்தணும்" என்றான் லிபின்.

மாடியே சிரித்தது. ஆன்ட்ரூஸும் சிரித்தான். "லே, பொண்ணு பாக்கவா வந்துருக்க? கலரு என்னத்துக்குடே? ஒரு ரவுண்டுதான், எறங்கிச் சாடு!"

"அது இல்லாம ஆடான் பற்றில்லே? ஆட முடியாதா?" வர்கீஸ் புருவத்தைச் சுருக்கினார். "காரணம் பற, சொல்லு."

பதில் ஒரு வரிதான். அந்த வரியை லிபின் சொல்லவில்லை. தூக்கிய கை மெதுவாக இறங்கியது. "ஒண்ணுமில்ல சார்."

சத்தியநேசன் ஒரு அடி முன்னால் வந்து நின்றுவிட்டான். வாக்குக் கொடுத்திருக்கிறோம், நாம் சொன்னால் பையன் மானம் போகும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். 

ரவுண்டு தொடங்கியது, அதே சந்தை மேப்பில்.

ஆளாளுக்குச் சடசடவென விழுந்தார்கள். லிபின் பக்கத்தில் லிபினும் ஆன்ட்ரூஸும் மட்டும் மிச்சம். எதிரே ஒரே ஒருவன், தொப்பிக்காரன். இரண்டுக்கு ஒன்று. வர்கீஸ் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"நான் சந்தை கேட்டுலதான் நிக்கேன்" என்று கத்தினான் ஆன்ட்ரூஸ். கத்தினானே தவிர நிற்கவில்லை. பழக்கடைக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்டதும் வாயை மூடிக்கொண்டு அங்கே ஓடினான்.

லிபினின் ரேடாரில் இரண்டு புள்ளி. சத்தியநேசன் கண்ணுக்கு ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. லிபின் கண்ணுக்கு இரண்டும் சேறு. பழக்கடைப் பந்தலுக்கு அடியிலிருந்து ஒரு உருவம் குதித்தது. தலைக்கு மேல் பெயர் மின்னியது, பச்சை எழுத்தில். அதை எழுத்துக் கூட்டிப் படிக்க நேரமில்லை. பச்சைக் கூட்டல் குறி பச்சைப் பந்தலில் எங்கோ தொலைந்திருந்தது. குத்துமதிப்பாகத்தான் சுட்டான் லிபின்.

பட்டது. குத்துமதிப்பாகச் சுட்டதுதான் அன்றைக்கு அவனுடைய மிகச் சரியான சூடு.

"லேய்! நான்லே அது!" ஆன்ட்ரூஸ் ஹெட்போனைக் கழற்றி எறிந்தான். அடுத்த நொடி தொப்பிக்காரன் பூக்கடையிலிருந்து நிதானமாக லிபினைச் சுட்டான்.

நாகர்கோவில் டீம் மேஜையில் ஏறி ஆடியது.

வர்கீஸ் எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "சொந்த ஆளை வெடி வைக்குந்ந ஆளை நான் எங்ஙனே கொண்டுபோகும்? பிரஷர்ல கை போயி. பாவம்." பையை எடுத்தார்.

அவர் படிக்கட்டை நெருங்குவதற்குள் சத்தியநேசன் வாய் திறந்துவிட்டது.

"சார், அவன் தப்பில்ல. எனக்க தப்பு. அவனுக்குப் பச்சையும் சிவப்பும் பிரிஞ்சு தெரியாது. நான்தான் வேற கலரு போட்டுக் குடுத்திருந்தேன். கரண்டு போனதும் அழிஞ்சிட்டு. இன்னொரு ரவுண்டு வைங்க சார், நான் இப்பம் போட்டுத் தாறேன்."

மேஜைமேல் ஆடியவர்கள்கூட நின்றுவிட்டார்கள்.

வர்கீஸ் திரும்பி வந்தார். கோபமில்லை, அதுதான் கஷ்டம். லிபின் தோளில் கை வைத்தார். "மோனே, ஆதியமே பறையாமாயிருந்நு, முன்னாடியே சொல்லியிருக்கலாம். ஆனா நான் பல ஊருக்கு டீமைக் கொண்டுபோகும். சில இடத்தில அவங்க செட்டிங்கு, அவங்க மிஷின். அங்கே நீ என்ன செய்யும்?" பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போனார்.

தொப்பிக்காரன் தன் டீசர்ட்டைப் பிடித்து இழுத்துக் காட்டினான். "மக்கா, இது என்ன கலரு சொல்லு பாப்பம்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். மூன்றாமவன் தன் செருப்பைத் தூக்கிக் காட்டினான்.

ஆன்ட்ரூஸ் சிரிக்கவில்லை. லிபினையே பார்த்துக்கொண்டு நின்றவன் மெதுவாகக் கேட்டான். "அப்பம் அதுனாலதான் கப்பலுக்கு எடுக்கலியா? சீட்டு தீந்துபோச்சுன்னு சொன்னியே... உனக்க அப்பனுக்குத் தெரியுமா?"

லிபின் மூணாம் நம்பர் மிஷினை ஒழுங்காக அணைத்தான். நாற்காலியை மேஜைக்குள் தள்ளினான். படியிறங்கினான்.

சத்தியநேசன் பஸ் ஸ்டாண்டு வரை பின்னாலேயே ஓடினான். வெயில் தாழ்ந்திருந்தது. இனயம் பக்கம் போகிற புதுக்கடை பஸ் கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது.

"மக்கா, நில்லு. நான் உனக்காகத்தான்..."

"தெரியும் அண்ணே." லிபின் குரலில் சூடே இல்லை. "பதறிட்டான்னுதான் அவிய நினைச்சிருந்தாவ. வேலை போயிருக்கும். அதோட முடிஞ்சிருக்கும். எனக்கு அது போதும்லா?"

 லிபின் கையைத் தூக்கியபோது சத்தியநேசன் பேசியிருக்க வேண்டும். தான் பேசியபோது வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்க வேண்டும். எதைச் சொன்னாலும் இனி அது நடந்து முடிந்த கதை.

அதற்குள் ஓடி வந்து ஏறியிருந்த ஆன்ட்ரூஸ் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். செல்போனைக் காதில் வைத்துக் குரலைத் தாழ்த்தி ஊரில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். லிபினைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பேச்சை மட்டும் நிறுத்தவில்லை.

"நீ ஏறல்லியா?" என்றான் சத்தியநேசன்.

பஸ் போயிற்று. அடுத்ததும் வந்து, ஆளை ஏற்றிக்கொண்டு போயிற்று. லிபின் தூணில் சாய்ந்தபடியே நின்றான். இனயத்துக்குப் போகிற கடைசி பஸ் வரைக்கும் இப்படியே நிற்பானோ என்னவோ. கேட்கச் சத்தியநேசனுக்குத் தைரியம் வரவில்லை.

லிபினின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துத் திரையைப் பார்த்தான். 'அப்பா' என்று இருந்தது.

அடித்து ஓய்ந்தது. மறுபடி அடிக்கத் தொடங்கியது. லிபின் அதை எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றான்.