கட்டத்தில் நிற்காத புள்ளிகள்

இறந்துபோனவர்களின் பரீட்சைப் புள்ளிகள் கணினியில் நிற்காது என்ற விஷயம், ஓப்பநாயக்கவுக்கு மேலே இருக்கும் பலுகொல்ல தோட்டத்தில், 2009ஆம் ஆண்டு பெப்ரவரி இரண்டாம் கிழமை ஒரு செவ்வாய்க்கிழமை தெரியவந்தது. அன்று காலையில் சாரல் அடித்தது, கொழுந்து நிறுவை குறைவு, பதினொரு மணி பஸ் வரவில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்தின் நூலக அறையில் இராஜம் டீச்சர் புள்ளிகளைப் படிக்க, அவருடைய பேரன் கஜேந்திரன் தட்டிக்கொண்டிருந்தான். 1999ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்பில் இருளப்பன் என்ற பையனின் தமிழ்ப் புள்ளி 58. பேரன் ஐந்தையும் எட்டையும் தட்டி என்டரை அழுத்தினான். கட்டத்தில் ‘வ’ என்று விழுந்தது.

‘வ’ என்றால் வரவில்லை. பரீட்சைக்கு வராத பிள்ளையின் கட்டத்தில் பூச்சியம் போடக்கூடாது என்பது இராஜம் டீச்சரின் முப்பது வருடப் பிடிவாதம். பூச்சியம் என்றால் வந்து உட்கார்ந்து ஒன்றும் எழுதாதவன். வராதவன் வேறு ஆள். பூச்சியத்தைப் போட்டால் வகுப்பின் சராசரி இறங்கும், ‘வ’ என்ற எழுத்தைப் போட்டால் கணினி அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடும். பேரன் இதைச் சொன்னபோது, அந்த இயந்திரத்தின்மேல் டீச்சருக்கு முதன்முதலாக மரியாதை வந்தது.

வேலையைக் கொடுத்தவர் அதிபர் ராமச்சந்திரன். பழைய மாணவர்களின் புள்ளிகளை எல்லாம் கணினி அட்டவணையாகத் தரும்படி வலயக் கல்விக் கந்தோரிலிருந்து கடிதம் வந்திருந்தது. புள்ளிப் புத்தகங்களைக் கறையான் தின்றிருந்தது, ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஓரம் உதிர்ந்தது. அதனால் ஒரே ஒரு தடவை திறந்து படம் பிடித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. கடைவீதியில் பாஸ்போர்ட் படம் பிடிக்கும் முக்தார் தன் டிஜிட்டல் கமராவை இரவல் கொடுத்தார். ஃபிளாஷ் அடித்தால் மை பளபளத்து எண் தெரியாமல் போகும் என்று அவர் சொல்லி அனுப்பியபடி, ஜன்னல் வெளிச்சத்தில், வளைந்த தாளின்மேல் கண்ணாடித் துண்டை வைத்து அழுத்தி, மேசைமேல் ஏறி நின்று நேர் மேலிருந்து கஜேந்திரன் படம் எடுத்தான். ஒவ்வொரு படத்துக்கும் ஆண்டு, வகுப்பு, பக்கம் என்று பெயர் வைத்தான். அதன்பிறகு புத்தகங்கள் அலுமாரிக்குள் போய்விட்டன.

கணினித் திரையின் மேல்பாதியில் படம், கீழ்ப்பாதியில் அட்டவணை. வரிசை மாறி அடுத்த பிள்ளையின் புள்ளியைப் படித்துவிடாமல் இருக்க, டீச்சர் கோடு போடும் அடிமட்டத்தைத் திரைமேல் வைத்துப் பிடித்துக்கொள்வார். அறுபத்து மூன்று, எழுபத்து மூன்று என்று படித்தால் காதில் குழம்புகிறது என்று, ‘ஆறு மூணு’, ‘ஏழு மூணு’ என்றே படித்தார். பள்ளியில் சேரும்போது கொடுக்கும் 0417 போன்ற சேர்விலக்கங்களின் முன்பூச்சியத்தைக் கணினி தின்றுவிடுவதால், அந்த நிரலை மட்டும் எழுத்தாக வைத்துக்கொள்ளும்படி பேரன் முதலிலேயே மாற்றியிருந்தான். புத்தகத்தில் டீச்சர் அந்தக் காலத்தில் கையால் கூட்டிவைத்த கூட்டுத்தொகை ஒரு நிரலில், கணினி கூட்டுவது இன்னொரு நிரலில், இரண்டுக்குமான வித்தியாசம் மூன்றாவதில். பக்கத்தின் அடியில் ஒவ்வொரு பாடத்துக்கும் இதேபோல. எல்லா வித்தியாசமும் பூச்சியம் என்றால் பக்கம் சரி. பதினாலாம் வரிசையில் வித்தியாசம் ஆறு என்று உதைத்து, ஆங்கில நிரலிலும் அதே ஆறு உதைத்தால், இரண்டும் வெட்டும் கட்டத்தில்தான் பிழை. படத்தைப் பெருப்பித்துப் பார்த்தால் 57ஐ 51 என்று படித்திருப்பார். அவருடைய ஏழுக்குத் தொப்பி சிறியது.

இருளப்பனின் வரிசையில் ஏழு பாடமும் ‘வ’ ஆகி, வித்தியாசம் 318 என்று நின்றது. எழுத்து தானாக மாறும் வசதியைக் கஜேந்திரன் அணைத்துப் பார்த்தான். கோப்பை முக்தாரின் கடைக்குக் கொண்டுபோய் அங்கிருந்த கணினியில் தட்டிப் பார்த்தான். அங்கேயும் ‘வ’. மூன்றாம் நாள் கேஷானி என்ற பிள்ளையின் வரிசையும் அப்படியே ஆனதும் டீச்சர் அடிமட்டத்தைக் கீழே வைத்தார். கேஷானி காய்ச்சலில் போனவள். இருளப்பன் குருவிட்டப் பக்கம் மாணிக்கக் குழி சரிந்து உள்ளேயே போனவன். இருவரின் மரண வீட்டுக்கும் டீச்சர் போயிருந்தார். அவர் ஒரு தாளில் இரண்டு பெயரையும் எழுதி, “இது மெஷின் கோளாறு இல்ல தம்பி. மேல போவோம்,” என்றார்.

அவர்கள் புதிய வருடங்களிலிருந்து பழைய வருடங்களை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். மார்ச் தொடக்கத்தில் யோகராஜின் வரிசை நிற்கவில்லை. அவன் நிவித்திகலையில் ஒரு கடையில் நன்றாக இருப்பதாகத்தான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மறுநாள் காலை, லொறி மோதி அவன் போய்விட்ட செய்தி வந்தது. அதன்பிறகு தோட்டத்து லய வீடுகளின் ஆட்கள் நூலக அறையின் ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்கத் தொடங்கினார்கள். வெளியூரில் பிள்ளை உள்ளவர்கள் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்கள். அதிபர் யாரையும் விரட்டவில்லை, சத்தம் போடக்கூடாது என்று மட்டும் சொன்னார்.

கொழுந்து எடுக்கும் தங்கம்மா ஒருநாள் கூடையோடு நேராக உள்ளே வந்துவிட்டாள். அவள் மகன் உதயராஜ் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தவன். அடையாள அட்டை இல்லாமல் ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டான் என்பதோடு சரி, இரண்டு வருடமாகத் தகவல் இல்லை.

“டீச்சர், எங்க உதயராச தட்டிப் பாருங்க,” என்றாள்.

“அவனோட பக்கம் இன்னும் வரலியேம்மா.”

“வர்றப்ப வரட்டும்னு நான் ரெண்டு வருசம் இருந்துட்டேன் டீச்சர். இன்னிக்கு மலைக்குப் போக முடியல. காலு நடக்க மாட்டேங்குது.”

கஜேந்திரன் 1997ஆம் ஆண்டின் படத்தைத் திறந்தான். டீச்சர் விஞ்ஞானத்தில் ஆரம்பித்தார், அது உதயராஜுக்குப் பிடித்த பாடம். நாலு ஏழு. என்டர். 47 நின்றது. தங்கம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோய், “நிக்குதா? நிக்குதுல்ல?” என்று கேட்டாள். ஏழு பாடமும் நின்றன. அவள் அந்த வரிசையை ஒரு தாளில் அச்சடித்து வாங்கி மடியில் செருகிக்கொண்டு மலைக்குப் போனாள். உதயராஜ் திரும்பி வரவில்லை, தகவலும் வரவில்லை. ஆனாலும் அவள் அன்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

இதையெல்லாம் பார்த்தபின் கஜேந்திரன் பேச்சைக் குறைத்துக்கொண்டான். 1992ஆம் ஆண்டுப் பத்தாம் வகுப்பில் பத்தொன்பதாம் இலக்கம் சுதர்ஷினி. டீச்சரின் ஒரே மகள், அவனுடைய அம்மா. புருஷன் விட்டுப் போனதும், 2001இல், ஏழு வயதுப் பிள்ளையைத் தாயிடம் விட்டுவிட்டு வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். நான்கு வருடம் கடிதம் வந்தது. 2005இல் நின்றது. வேலை செய்த வீட்டை விட்டு ஓடிவிட்டாள் என்று அனுப்பிய ஆட்கள் சொன்னார்கள், பிறகு அந்த ஆட்களையும் காணவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் டீச்சர் அவளுக்கு ஒரு சேலை எடுத்துவைத்தார். பெட்டியில் நான்கு சேலைகள் இருந்தன.

1993 முடிந்ததும் டீச்சர், 92இன் படம் தெளிவில்லை, திரும்ப எடுக்கவேண்டும் என்றார். படம் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. பேரன் மறுபேச்சில்லாமல் திரும்ப எடுத்தான். அடுத்த நாள் கண் வலிக்கிறது என்றார். அதற்கடுத்த நாள், முடித்த பக்கங்களையே மறுபடி சரிபார்க்கச் சொன்னார். எல்லாம் பூச்சியமாகவே இருந்தன. பங்குனி அமாவாசை வியாழக்கிழமை அதிபர் வந்து, மாத முடிவுக்குள் கந்தோருக்குக் கொடுக்கவேண்டும் என்று நினைவூட்டிவிட்டுப் போனார்.

அன்று 92இன் பக்கத்தைத் திறந்து பதினெட்டுப் பிள்ளைகளைத் தட்டினார்கள். ஒருவரும் ‘வ’ ஆகவில்லை. பத்தொன்பதாவதற்கு வந்ததும் டீச்சர் அடிமட்டத்தை இருபதுக்கு இறக்கினார்.

“அம்மாயி, ஒரு வரி விட்டுட்டீங்க.”

“தெரியும்.”

“படிங்க அம்மாயி. கூட்டு உதைக்கும்.”

டீச்சர் அடிமட்டத்தை மேலே ஏற்றினார். தமிழ் ஏழு ஒண்ணு. ‘வ’. சமயம் ஆறு எட்டு. ‘வ’. அவர் நிறுத்தவில்லை, வகுப்பில் பெயர் கூப்பிடும் அதே குரலில் படித்தார். ஆங்கிலம் அஞ்சு ரெண்டு. கணிதம் மூணு நாலு. இந்த இடத்தில் நிறுத்திவிட்டார். பாஸாவதற்கான சித்தி எல்லை முப்பத்தைந்து. கணிதத்தைத் திருத்தியவர் அவரேதான். ஒரு புள்ளியைக் கூட்டிப் போடுங்கள் என்று சக ஆசிரியர்கள் சொன்னபோது, என் மகளுக்குப் போட்டால் எல்லாப் பிள்ளைக்கும் போடவேண்டும் என்று மறுத்துவிட்டார். சுதர்ஷினி அந்த மாதத்தோடு படிப்பை நிறுத்திவிட்டாள்.

கஜேந்திரன் அந்தக் கட்டத்தில் 34ஐ நான்கு தடவை தட்டினான். நான்கு தடவையும் ‘வ’. அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “முப்பத்தஞ்சு போட்டுப் பாக்கவா அம்மாயி?” என்று கேட்டான்.

“போடு.”

போட்டான். ‘வ’.

“நாப்பது போடு. நூறு போடுப்பா. நூறு போடு,” என்றார் டீச்சர். அவன் நூறும் போட்டான். அது நின்றதா என்று அவர் பார்க்கவில்லை, சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டார். அது நிற்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகிப் போனார்கள். மீதி மூன்று பாடத்தையும் பேரன் தானே படித்துத் தானே தட்டினான். பழைய கூட்டுத்தொகை 412, கணினியின் கூட்டுத்தொகை 0, வித்தியாசம் 412. கோப்பைச் சேமித்துவிட்டு, அம்மாயியின் கையைப் பிடித்து லயத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

மறுநாள் இருவரும் வந்து மீதிப் பிள்ளைகளை முடித்தார்கள். கந்தோருக்கு அனுப்பிய கணினி வட்டைத் திறந்து பார்த்த எழுதுவினைஞர், சில வரிசைகளில் கூட்டு ஏன் உதைக்கிறது என்று தொலைபேசியில் கேட்டார். அந்தப் பிள்ளைகள் உயிரோடு இல்லை என்று அதிபர் சொன்னார். அப்படியானால் குறிப்பு நிரலில் அதை எழுதி அனுப்பியிருக்கலாமே என்று எழுதுவினைஞர் கொஞ்சம் சலித்துக்கொண்டு, தானே எழுதிக்கொண்டார்.

ஏப்ரல் பத்தாம் திகதி, வருடப் பிறப்புக்கு முன்னால், கருமாதி நடந்தது. சுதர்ஷினி எந்த ஊரில், எப்படிப் போனாள் என்பதை வந்தவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. தங்கம்மா அரிசி களைந்தாள். முக்தார் வாசலில் நின்று துக்கம் விசாரித்துவிட்டுப் போனார். கிரியை செய்ய பெல்மதுளையிலிருந்து வந்த ஐயர் மட்டும் திதி பார்ப்பதற்காக, உயிர் பிரிந்த நாளும் நேரமும் வேண்டும் என்றார். டீச்சர் பேரனைப் பார்த்தார். அம்மாவின் வரிசையைத் தட்டிக் கோப்பைச் சேமித்தபோது கணினியில் பதிந்த திகதியையும் நேரத்தையும் அவன் அன்றே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தான். மார்ச் இருபத்தாறு, பின்னேரம் மூன்று நாற்பது என்று சொன்னான். ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டி, அமாவாசை, நல்லது என்று குறித்துக்கொண்டு, எள்ளை எடுத்துக் கையில் வைக்கும்படி அவனிடம் சொன்னார்.